கேமராக்கள் பதிவேற்ற வழியை அடைக்கும்போது: அறிகுறியைப் பிடித்துக் கோளாறை நீக்கும் வழிமுறை

சிறு அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் வரும் இணைய இணைப்பு பெரும்பாலும் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். பதிவிறக்கம் 50 எம்பிபிஎஸ் என்றால் பதிவேற்றம் 10 தான். இணையத்தைப் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் இது போதும். கண்காணிப்புக் கேமராவின் வேலை இதற்கு நேர் எதிர். அது கிளவுடிலிருந்து எதையும் வாங்குவதில்லை, இரவும் பகலும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த 10 எம்பிபிஎஸ் நிறைந்துவிட்டால் கேமரா மட்டும் திணறாது. அதே வழியாகப் போகும் தொலைபேசி அழைப்பு, கார்டு இயந்திரம், மின்னஞ்சல் எல்லாம் சேர்ந்து திணறும். ஆனால் யாரும் கேமராவைச் சந்தேகிப்பதில்லை, அதன் படம்தான் நன்றாகத் தெரிகிறதே!

கீழே ஒரே அலுவலகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு போகிறேன். இணைப்பு 50-க்கு 10. ஆறு கேமராக்கள், ஒவ்வொன்றும் 1080பி படத்தை 2 எம்பிபிஎஸ் வீதம் நாள் முழுவதும் கிளவுடுக்கு அனுப்புகிறது. ஆறு இரண்டு பன்னிரண்டு. வழியோ பத்து. கணக்கு முதல் நாளிலிருந்தே உதைக்கிறது. ஆனால் கேமராக்களை ஒவ்வொன்றாகப் பல மாதங்களில் மாட்டியிருந்தால், எந்தக் கேமராவோடு எல்லையைத் தாண்டினோம் என்று யாருக்கும் தெரியாது.

## அறிகுறி: வேகச் சோதனையில் எண் நன்றாக வருகிறது, ஆனால் எல்லாமே இழுக்கிறது

வேகச் சோதனை இங்கே எளிதில் ஏமாற்றும். சோதனைச் செயலி ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, நெரிசலிலும் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். பதிவிறக்க எண் சற்றுக் குறைந்தாலும் மோசமாகத் தெரியாது. பதிவேற்ற எண் கேமராக்களை ஓரம் தள்ளிவிட்டுக் கிடைத்தது. அதை வைத்து இணைப்பின் முழுக் கொள்ளளவையும் சொல்ல முடியாது, மிச்சம் எவ்வளவு என்றும் சொல்ல முடியாது. எனவே முதலில் பார்க்க வேண்டியது தாமதத்தை. வேகத்தை அப்புறம் பார்க்கலாம்.

கம்பி வழியாக ரவுட்டரோடு இணைந்த ஒரு கணினியில் இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் மற்றொன்றில் வெளியே உள்ள ஒரு முகவரிக்கும், போய்த் திரும்பும் தாமதத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓட விடுங்கள். விண்டோஸில் இப்படி (ரவுட்டரின் முகவரி உங்களிடம் வேறாக இருக்கலாம்):

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

மேக், லினக்ஸ் கணினிகளில் `-t` தேவையில்லை. நிறுத்த `Ctrl+C`.

ரவுட்டருக்கான பிங் 1 மில்லிநொடி அளவிலேயே அசையாமல் நிற்க, வெளியே போகும் பிங் மட்டும் 400, 700, 900 என்று ஏறி இறங்கினால், அடைப்பு உங்கள் உள் வலையமைப்பில் இல்லை. ரவுட்டருக்கோ மோடத்துக்கோ வெளியே செல்லும் வாயில்தான் அடைந்திருக்கிறது. ரவுட்டருக்கான பிங்கே தாறுமாறாக எகிறினால் அது வேறு கோளாறு: வைஃபை கேமராக்கள் அலைவரிசை நேரத்தைத் தின்கின்றன, அல்லது ரவுட்டரின் செயலி மூச்சு முட்டுகிறது. கீழே சொல்வன அதற்கு அவ்வளவாக உதவாது. வைஃபை கேமராக்களைக் கம்பிக்கு மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது உறுதிப்படுத்தும் சோதனை. வெளிப் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமராக்கள் மாட்டியுள்ள சுவிட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் ஒற்றைக் கேபிளை உருவுங்கள். மின்சாரத்தை அணைக்க வேண்டாம். கேமராக் காட்சிகளை அலுவலகத்திலேயே பதியும் பெட்டியான என்.வி.ஆர். அதே சுவிட்சில் இருந்தால் உள்ளூர்ப் பதிவு தடையின்றி ஓடும், வெளியே போகும் வழி மட்டும் அறுபடும். கேமராக்கள் என்.வி.ஆரின் முதுகில் உள்ள துளைகளிலேயே நேராக மாட்டியிருந்தால், என்.வி.ஆரிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிளை உருவினால் போதும். சில நொடிகளுக்குள் பிங் 700-லிருந்து 15-க்கு விழுந்தால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமில்லை.

கேபிள் வெளியே இருக்கும் இந்த நேரத்திலேயே, அலுவலகத்தில் வேறு யாரும் பெரிய கோப்பு எதையும் அனுப்பாதபோது, வேகச் சோதனையை ஓட்டிப் பதிவேற்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் இணைப்பின் உண்மையான கொள்ளளவு. நம் எடுத்துக்காட்டில் 9.4 எம்பிபிஎஸ் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் 10 அல்ல, இந்த 9.4 தான் இனி எல்லாக் கணக்குக்கும் அடிப்படை.

தாமதம் ஏன் இவ்வளவு ஏறுகிறது? மோடத்துக்குள் ஒரு பஃபர் இருக்கிறது. உடனே அனுப்ப முடியாத பாக்கெட்டுகள் அதில் வரிசையில் நிற்கும். அது 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் வழியில் அது காலியாக 0.8 நொடி ஆகும். கேமராக்கள் அதை எப்போதும் நிரப்பியே வைத்திருப்பதால், புதிதாக வரும் ஒவ்வொரு பாக்கெட்டும், அது ஒரு எழுத்தளவு தகவலாக இருந்தாலும், அந்த 0.8 நொடியைக் காத்திருந்துதான் கடக்க வேண்டும். பதிவிறக்கமும் இதற்குத் தப்பாது. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது வந்து சேர்ந்த தரவுக்கு ‘கிடைத்தது’ என்று உங்கள் கணினி திரும்பச் சொல்ல வேண்டும். அந்த ரசீதும் இதே பதிவேற்ற வழியில்தான் போகிறது. 50 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் இறக்கினால் ரசீதுகளுக்கு மட்டுமே ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ் பதிவேற்றம் தேவைப்படலாம். அது வரிசையில் மாட்டிக்கொண்டால் பதிவிறக்கமும் தளர்ந்துவிடும். இணைப்பு நிறுவனத்திடம் கேட்டுப் பதிவிறக்கத்தை 100-க்கு உயர்த்திக்கொண்டவர்கள் பலருக்கும் எந்த மாற்றமும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

## அறிகுறி: எதிர்முனைக் குரல் நமக்குத் தெளிவு, நம் குரல் அவர்களுக்கு விட்டு விட்டு

இணையவழித் தொலைபேசியில் இந்த ஒருபக்கக் கோளாறு வந்தால், பதிவேற்றம் அடைந்திருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வரும் குரல் அகன்ற வழியில் வருகிறது, போகும் குரல் குறுகிய வழியில் கேமராக்களோடு முட்டிமோதுகிறது. ஓர் அழைப்புக்குச் சாதாரணமாக ஒரு திசையில் 90 கேபிபிஎஸ் அளவே வேண்டும். அளவு இங்கே பிரச்சினை இல்லை. சீரான இடைவெளியில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

இந்த இடத்தில் பலரும் ரவுட்டரின் பக்கத்தில் ‘குரலுக்கு முன்னுரிமை’ என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்று கைவிட்டுவிடுவார்கள். அந்த டிக் வீணாவதற்குத் தெளிவான காரணம் உண்டு. மோடமும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும் இடத்தில், ரவுட்டர் மோடத்துக்கு 1000 எம்பிபிஎஸ் வேகத்தில் தள்ளுகிறது. அதன் பார்வையில் நெரிசலே இல்லை, வரிசையும் இல்லை. வரிசை இல்லாத இடத்தில் யாரை முன்னே விடுவது? வரிசை நிற்பது அடுத்த பெட்டியான மோடத்தில். அங்கே முன்னுரிமை ஏதும் கிடையாது, வந்தவர் வந்தபடி.

ஆகவே செய்ய வேண்டியது, வரிசையை மோடத்திலிருந்து ரவுட்டருக்கு இழுத்து வருவது. ரவுட்டரின் வெளியேறும் வேகத்தை உண்மையான கொள்ளளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டால் மோடத்தின் பஃபர் நிரம்பவே நிரம்பாது. பிறகு யார் முன்னே, யார் பின்னே என்பதை ரவுட்டர் தீர்மானிக்கும். பல ரவுட்டர்களில் இது `SQM` அல்லது `Smart Queue` என்ற பெயரில் இருக்கும். உள்ளே பெரும்பாலும் `fq_codel` அல்லது `cake` என்ற வரிசை முறை வேலை செய்யும். அளந்த பதிவேற்றத்தில் 85 முதல் 95 விழுக்காட்டுக்குள் வையுங்கள். 9.4-க்கு நான் 8.5-இல் தொடங்குவேன். லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டரில் நேராகச் செய்வதானால்:

```
tc qdisc replace dev eth1 root cake bandwidth 8500kbit nat dual-srchost
tc -s qdisc show dev eth1
```

`eth1` இருக்கும் இடத்தில் வெளியே போகும் இடைமுகத்தின் பெயரை இடுங்கள். `dual-srchost` என்பது உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் சமபங்கு தரும், `nat` இருந்தால்தான் அதற்கு உள்முகவரிகள் தெரியும். கேமராக் காட்சியை என்.வி.ஆர். ஒன்றே அனுப்புகிறது என்றால் இந்தச் சமபங்கு அழகாக வேலை செய்யும், ஆறு கேமராவும் சேர்ந்து ஒரு கருவியின் பங்குதான் பெறும். கேமராக்கள் தனித்தனியாகக் கிளவுடுக்கு அனுப்பினால் ஆறு பங்கு கேட்கும். அப்போதும் தொலைபேசிக் கருவிக்கு வேண்டிய சிறு பங்கு தாமதமின்றிக் கிடைத்துவிடும். இரண்டாம் கட்டளை அந்த வரிசையின் புள்ளிவிவரத்தைக் காட்டும். கேமராக்கள் ஓடும்போது விழுந்த பாக்கெட் எண்ணிக்கை ஏறினால், நெரிசலை ரவுட்டர் தன் கையில் எடுத்துக்கொண்டது என்று பொருள். இப்படிக் கட்டளையாக இட்டது ரவுட்டர் மறுதொடக்கம் ஆனதும் போய்விடும். சரியான எண் கிடைத்ததும் அமைப்புப் பக்கத்தில் நிரந்தரமாகப் பதியுங்கள்.

வைத்த பிறகு கேமராக்களை மாட்டி, ஒரு பெரிய கோப்பையும் பதிவேற்றிக்கொண்டே பிங் பாருங்கள். 15 இருந்த இடத்தில் 25, 30 வந்தால் நல்லது. இன்னும் நூற்றுக்கணக்கில் ஏறினால் எண்ணை 8-க்கு இறக்குங்கள். எவ்வளவு இறக்கியும் பயனில்லை என்றால் ரவுட்டரில் வன்பொருள் முடுக்கம் என்ற வசதி பாக்கெட்டுகளை இந்த வரிசைக்கு வெளியே கடத்திக்கொண்டிருக்கும். அதை அணைக்க வேண்டும். அணைத்தால் சில மலிவான ரவுட்டர்களில் பதிவிறக்க வேகம் குறையலாம். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் அந்தக் கவலை பொதுவாக எழாது.

மொபைல் வலையமைப்பு வழியாக வரும் இணைப்பில் கொள்ளளவே மணிக்கு மணி மாறும். அங்கே ஒரே எண் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. மோசமான நேரத்தில் அளந்து அதற்குக் கீழே வைப்பதும், கேமராச் சுமையை இன்னும் குறைப்பதும்தான் வழி.

## அறிகுறி: வேகத்தை நிறுத்தியதும் அழைப்புகள் சரியாயின, ஆனால் கேமராப் பதிவில் ஓட்டைகள்

இது எதிர்பார்க்க வேண்டியதுதான். 12 எம்பிபிஎஸ் அனுப்பத் துடிப்பவரை 8.5-க்குள் அடைத்தால் மீதி எங்கேயாவது விழத்தானே வேண்டும்? சில கேமராக்கள் படச்சட்டங்களைக் கைவிடும், காட்சி குதித்துக் குதித்துப் போகும். சில கேமராக்கள் பின்தங்கிக்கொண்டே போய் இணைப்பை அறுத்துவிட்டு மறுபடி தொடங்கும். நேரக்கோட்டில் அங்கங்கே வெற்றிடம் தெரியும். வரிசையை ஒழுங்கு செய்வது அழைப்புகளைக் காப்பாற்றும். இல்லாத கொள்ளளவை அது உண்டாக்காது. சுமையைக் குறைப்பது தனி வேலை, அதைக் கேமராவில்தான் செய்ய வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஆறு கேமராவின் முழுத்தரக் காட்சியும் நாள் முழுவதும் கிளவுடில் இருந்தே தீர வேண்டுமா? பெரும்பாலான இடங்களில் தேவை என்னவென்றால், ஏதாவது நடந்தால் தெளிவான பதிவு ஓரிடத்தில் இருக்க வேண்டும், என்.வி.ஆரையே தூக்கிக்கொண்டு போனாலும் முக்கியமான பகுதி வெளியே தப்பியிருக்க வேண்டும். இதற்கு இரண்டு ஓடைகள் போதும். அநேகமாக எல்லாக் கேமராவும் மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம் என்று இரண்டைத் தரும். மெயின் ஸ்ட்ரீமை உள்ளூர் என்.வி.ஆரில் முழுத்தரத்தில் பதியுங்கள். அந்தப் போக்குவரத்து உங்கள் சுவிட்சைத் தாண்டாது, இணைய வழிக்குச் சுமையே இல்லை. கிளவுடுக்குச் சப் ஸ்ட்ரீமை அனுப்புங்கள், அல்லது அசைவு கண்டபோது மட்டும் அனுப்புங்கள்.

நம் அலுவலகத்தில் வாசலும் பணம் வாங்கும் மேசையும் முக்கியம் என்று வைப்போம். அந்த இரண்டும் 1024 கேபிபிஎஸ் வீதம் தொடர்ந்து கிளவுடுக்குப் போகட்டும். மற்ற நான்கும் 640க்கு 360 அளவுச் சப் ஸ்ட்ரீமை 384 கேபிபிஎஸ் வீதம், அசைவின்போது மட்டும். நான்கிலும் ஒரே நேரத்தில் அசைவு என்ற மோசமான நிலையில்கூட 2048-உம் 1536-உம் சேர்ந்து 3584 கேபிபிஎஸ். பாக்கெட் தலைப்புகளுக்கும் மறைகுறியாக்கத்துக்கும் பத்து விழுக்காடு சேர்த்தால் 3.9 எம்பிபிஎஸ். 8.5-இல் 4.6 எம்பிபிஎஸ் மற்ற வேலைகளுக்கு மிஞ்சுகிறது. கேமராக்களின் உச்சச் சுமை பதிவேற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. அதைத் தாண்டினால் அடுத்த கேமரா மாட்டும் நாளில் பழைய தலைவலி திரும்பும்.

காட்சியைச் சுருக்கும் முறையை எச்.264-லிருந்து எச்.265-க்கு மாற்றினால் ஏறக்குறைய அதே தரத்தை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்த பிட்ரேட்டில் பெறலாம். ஆனால் கிளவுட் சேவையும் அதைப் பார்க்கும் செயலியும் எச்.265-ஐ ஏற்கின்றனவா என்று பாருங்கள். படச்சட்ட வீதத்தை 25-லிருந்து 12-க்குக் குறைப்பது ஆள் நடமாட்டத்தை அடையாளம் காணப் பெரிதாகக் கெடுக்காது. பணம் எண்ணும் கைகளைப் பார்க்க வேண்டிய கேமராவுக்கு மட்டும் 15-க்குக் கீழே போக நான் தயங்குவேன். வீதத்தைக் குறைத்தால் `I-frame Interval` எண்ணையும் கூடவே மாற்றுங்கள். சில கேமராவில் அது படச்சட்டக் கணக்கில் இருக்கும். 12 வீதத்துக்கு 24 என்றால் இரண்டு நொடிக்கு ஒரு முழுப் படம், அது சரியான அளவு. ஒவ்வொரு நொடியும் முழுப் படம் அனுப்பினால் பிட்கள் வீணாகும். பத்து நொடிக்கு ஒன்று என்றால் பதிவை முன்னும் பின்னும் நகர்த்தும்போது படம் தெளியக் காத்திருக்க வேண்டும்.

மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று வரம்புள்ள இணைப்பு என்றால் இதையும் கணக்கிடுங்கள்: 1 எம்பிபிஎஸ் நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி, 30 நாளுக்கு 324 ஜிபி.

## அறிகுறி: பிட்ரேட்டைக் குறைத்தேன், ஒன்றும் மாறவில்லை

நான்கு இடங்களைத் தேடுங்கள்.

முதலில் அலகு. கேமராவில் பிட்ரேட் பொதுவாகக் கிலோபிட் கணக்கில் இருக்கும். ரவுட்டரின் வேகவரம்புப் பெட்டி சிலவற்றில் கிலோபைட் கணக்கில் இருக்கும். 8500 என்று அதில் இட்டால் அது 68 எம்பிபிஎஸ், அதாவது வரம்பே இல்லை. `KB/s` என்று எழுதியிருந்தால் எட்டால் வகுத்து 1060 என்று இடுங்கள். பெரிய `B`-உம் சிறிய `b`-உம் எட்டு மடங்கு வேறுபாடு.

இரண்டாவது, நீங்கள் மாற்றியது எந்த ஓடை? கேமராப் பக்கத்தில் மெயின் ஸ்ட்ரீமைக் குறைத்திருப்பீர்கள், கிளவுடுக்குப் போவது வேறாக இருக்கும். அல்லது என்.வி.ஆர். மறுதொடக்கம் ஆனதும் தன்னிடம் உள்ள பழைய அமைப்பைக் கேமராவின் மேல் எழுதிவிட்டிருக்கும். என்.வி.ஆரோடு சேர்த்த கேமராக்களுக்கு அமைப்பை என்.வி.ஆர். பக்கத்திலிருந்தே மாற்றுவது நல்லது.

மூன்றாவது, `Bitrate Type`. அது `VBR` என்றால் நீங்கள் இட்ட எண் சராசரி அல்ல, மேல்வரம்பு. காட்சி அமைதியாக இருக்கும்போது அதைவிடக் குறைவாகவும், கூட்டம் வந்தால் வரம்பை ஒட்டியும் போகும். சில கேமராக்களில் வரம்பைச் சில நொடிகள் தாண்டவும் செய்யும். குறுகிய வழிக்குக் கிளவுட் ஓடையை, பிட்ரேட் மாறாத `CBR` ஆக வைப்பதே என் விருப்பம். படம் சில நேரம் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் கணக்கு பிசகாது.

நான்காவது, இரட்டைப் பதிவேற்றம். இதைக் கண்டுபிடிக்கத்தான் நெடுநேரம் ஆகும். கேமராவைப் பொருத்தியபோது கைபேசிச் செயலியில் கேமராவின் சொந்தக் கிளவுட் கணக்கைத் திறந்திருப்பார்கள். பின்னால் என்.வி.ஆர். வந்ததும் அதன் கிளவுடையும் திறந்திருப்பார்கள். ஒரே காட்சி இரண்டு முறை வெளியே போகும். ரவுட்டரில் கருவிவாரியாகப் பதிவேற்றத்தைப் பார்த்தால் என்.வி.ஆரும் தனிக் கேமராவும் சேர்ந்து பட்டியலின் உச்சியில் நிற்கும். ரவுட்டரில் அந்தப் பட்டியல் இல்லை என்றால், சுவிட்சில் கேமராக் கேபிள்களை ஒவ்வொன்றாக உருவி வெளிப் பிங் எப்போது அடங்குகிறது என்று பாருங்கள். கேமராக்கள் என்.வி.ஆரின் முதுகில் மாட்டியிருந்தால் ரவுட்டருக்கு என்.வி.ஆர். ஒன்று மட்டுமே தெரியும். அப்போது தனித்தனிக் கணக்கை என்.வி.ஆரின் திரையில்தான் பார்க்க முடியும்.

## அறிகுறி: குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அடைகிறது

எந்த நேரம் என்பதே பாதி விடை.

பகலில் கூட்டம் உள்ளபோது என்றால் அது அசைவுப் பதிவின் இயல்பு. சாலையையோ ஆடும் மரத்தையோ பார்க்கும் கேமராவுக்கு அந்தப் பகுதியை மறைத்து அசைவுப் பரப்பை வரையுங்கள், மனித உருவம் கண்டால் மட்டும் என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆளில்லாத இரவில் அடைத்தால் திகைக்க வேண்டாம். வெளிச்சம் குறைந்ததும் கேமரா தன் உணர்திறனைக் கூட்டும், படம் முழுக்கப் புள்ளிகள் நெளியும். குறியாக்கிக்கு அந்த நெளிவும் அசைவுதான். `VBR` ஓடை வரம்பைத் தொட்டுவிடும். ஒரு விளக்கைக் கூடுதலாகப் போடுவது எந்த அமைப்பு மாற்றத்தையும்விட நன்றாக வேலை செய்யும். அது முடியாவிட்டால் உணர்திறனின் மேல்வரம்பைக் குறைத்து, இரைச்சல் நீக்கத்தைக் கூட்டுங்கள். கேமராவின் முகத்தில் சிலந்தி வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். அகச்சிவப்பு விளக்கில் அது வெள்ளையாக ஒளிரும், சிறு காற்றுக்கும் ஆடும், ஓயாமல் அசைவு எச்சரிக்கை தரும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வரும், பூச்சிகளுக்காகச் சிலந்தி வரும். துடைத்தாலும் திரும்ப வரும், எனவே மாதம் ஒருமுறை பார்க்க வேண்டிய வேலை அது.

உரிமையாளர் வீட்டுக்குப் போன பிறகு மாலையில் என்றால் அவரது கைபேசியைப் பாருங்கள். வெளியிலிருந்து நேரலையாகப் பார்க்கும் ஒவ்வொரு காட்சியும் அலுவலகத்தின் பதிவேற்றம்தான். ஆறு கட்டமும் உயர்தரத்தில் திறந்துவைத்து ஒரு டேப்லெட்டைச் சுவரில் மாட்டியிருப்பவர்களும் உண்டு. செயலியில் இயல்பு நிலையைச் சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றிக் கொடுங்கள். ஒரு கட்டத்தைப் பெரிதாக்கும்போது மட்டும் உயர்தரம் வரட்டும்.

இணைப்பு அறுந்து திரும்பிய பின் சில மணி நேரம் என்றால் அது பாக்கி வேலை. மெமரி கார்டு உள்ள சில கேமராக்கள் அறுந்திருந்த நேரத்துக் காட்சியைச் சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் மொத்தமாக அனுப்பத் தொடங்கும். 4 எம்பிபிஎஸ் ஓடை மூன்று மணி நேரம் தடைபட்டால் பாக்கி 5.4 ஜிபி. நேரலை போக 5.4 எம்பிபிஎஸ் இடம் இருந்தால் அது தீர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏற்கனவே சொன்ன கேபிள் உருவும் சோதனைக்குப் பிறகும் இது நடக்கலாம், மறுபடி மாட்டியவுடன் அளந்து குழம்பிவிடாதீர்கள். ரவுட்டரில் வரிசை ஒழுங்காக இருந்தால் பாக்கி தன் போக்கில் தீரட்டும் என்று விட்டுவிடலாம்.

## அறிகுறி: ரவுட்டரில் SQM போன்ற வசதியே இல்லை

கருவிவாரி வேகவரம்பு இருந்தால் என்.வி.ஆரின் முகவரிக்கு மட்டும் பதிவேற்ற வரம்பு வையுங்கள். நம் கணக்கில் 4.5 எம்பிபிஎஸ் போதும். என்.வி.ஆரின் முகவரி மாறிவிடாமல் ரவுட்டரில் நிலையாக ஒதுக்கிவிடுங்கள், மாறினால் வரம்பு வேறு கருவியின் தலையில் விழும். அதுவும் இல்லை என்றால் நிர்வகிக்கக்கூடிய சுவிட்சில் துளைவாரி வரம்பு வைக்கலாம். அதைக் கேமராச் சுவிட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் துளையில் வையுங்கள். கேமராவுக்கும் என்.வி.ஆருக்கும் இடையில் வைத்தால் உள்ளூர்ப் பதிவு கெட்டுப்போகும். இந்த வகை வரம்பு முரட்டுத்தனமானது, மீறியதை வெட்டி எறியும். கேமராவின் பிட்ரேட்டை முன்பே குறைத்திருந்தால் வெட்ட எதுவும் மிஞ்சாது, அது ஒரு வேலியாக மட்டும் நிற்கும்.

## அறிகுறி: கிளவுடை முழுதாக அணைத்தும் கேமரா பதிவேற்றுகிறது

மின்னஞ்சலுக்குப் படம் அனுப்புவது, எஃப்.டி.பி. பதிவேற்றம் ஆகியவை வேறு பக்கத்தில் திறந்திருக்கும், அவற்றை முதலில் பாருங்கள். அவையும் இல்லை, யாரும் நேரலை பார்க்கவும் இல்லை, ஆனால் ஒரு கேமரா நிற்காமல் அனுப்புகிறது என்றால், அது வேறு யாருக்கோ வேலை செய்கிறது என்று கருதி நடந்துகொள்ளுங்கள். 2016-இல் பரவிய மிராய் தீநிரல் கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை வைத்தே பிடித்து, பிற தளங்கள்மேல் பாக்கெட் மழை பொழிய வைத்தது. பதிவேற்றம் நிறைவது அதன் பக்கவிளைவு.

அந்தக் கேமராவின் கேபிளை உருவுங்கள். தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, தயாரிப்பாளர் தளத்திலுள்ள புதிய ஃபர்ம்வேரை ஏற்றி, வலுவான கடவுச்சொல் இட்ட பிறகே மாட்டுங்கள். மிராய் நினைவகத்தில் மட்டும் வாழ்ந்ததால் மறுதொடக்கம் செய்தாலே போய்விடும், ஆனால் அதே கடவுச்சொல்லோடு திறந்து வைத்தால் மீண்டும் பிடிபடும். ரவுட்டரில், கருவிகள் தாமே வெளிவழி திறந்துகொள்ள விடும் `UPnP`-ஐ அணைத்து, வெளியிலிருந்து கேமராக்களை அடையத் திறந்துவைத்த போர்ட்டுகளை மூடுங்கள். பிறகு கேமராக்களைத் தனி வி.லேனில், அதாவது அதே சுவிட்சில் பிரித்தெடுத்த தனி வலையமைப்பில் வைத்து, அங்கிருந்து என்.வி.ஆருக்கும் நேரச் சேவையகத்துக்கும் மட்டும் வழி விடுங்கள். கிளவுடுக்கு அனுப்பும் வேலையை என்.வி.ஆர். ஒன்றே செய்யட்டும். அதன் பிறகு ரவுட்டரின் பட்டியலில் கேமரா முகவரி எதுவும் பதிவேற்றக் கணக்கில் தலைகாட்டக் கூடாது. காட்டினால் விதி எங்கோ ஒழுகுகிறது.